கலைச்சொல் தேவை: ப்ரூவப்லி ஃபேர்

மலர்விழி:
கிரிப்டோ சூதாட்டத் தளங்கள் பற்றிய கட்டுரையில், ஆட்ட முடிவைத் தளம் மாற்றவில்லை என்று ஆட்டக்காரரே கணக்கிட்டுப் பார்க்கும் முறையான ‘ப்ரூவப்லி ஃபேர்’ என்பதை ‘நிறுவத்தக்க நேர்மை’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துகிறதா?

சுந்தரம்:
சொல் அழகாக இருக்கிறதம்மா. முடிவைக் கணக்கிடத் தளம் எடுக்கும் ‘விதை’ என்ற இரகசியச் சரத்தைப் பூட்டிவைத்து, ஆட்டம் முடிந்ததும் சாவியைத் தருகிறார்கள் அல்லவா? அப்படியானால் விதைக்குப் பதிலாக முன்பே காட்டும் ‘ஹேஷ்’ என்ற சரத்தை ‘மறைகுறியாக்கம்’ எனலாம்.

இளங்கோ:
பிறகு விதையை மாற்ற முடியாதபடி தளம் முன்கூட்டியே தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்வது சரிதான் ஐயா, ஆனால் சாவி கிடையாது. ஹேஷிலிருந்து விதைக்குத் திரும்ப வழியில்லை. பிற்பாடு விதையையே வெளியிடுகிறார்கள். அதை நாமே SHA-256 என்ற ஹேஷ் முறையில் இட்டு, பந்தயத்துக்கு முன் காட்டிய ஹேஷ்தான் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் ஹேஷ் வேறாகிவிடும்.

ப்ரைம்டைஸ் என்ற தளத்தின் பகடையில் தளத்தின் விதையோடு நம் விதையும், எத்தனையாவது பந்தயம் என்ற எண்ணும் சேர்கின்றன:

```
HMAC_SHA512(server_seed, client_seed-nonce)
```

வரும் நீண்ட பதினறும எண் சரத்தில் முதல் ஐந்து எழுத்து `a3f1c` என்று வையுங்கள். பதின்ம எண்ணில் அது 671516. 10000ஆல் வகுத்தால் மீதி 1516, அதை 100ஆல் வகுத்தால் பகடை 15.16. ஐந்தெழுத்தின் மதிப்பு பத்து இலட்சத்தை எட்டினால் அதை விட்டு அடுத்த ஐந்தை எடுப்பார்கள். இல்லையென்றால் சில எண்கள் மட்டும் கூடுதலாக விழும்.

இதற்கு ‘நேர்மை’ என்ற சொல் பெரிது. 49.50க்குக் கீழே விழுந்தால் இரட்டிப்பு தரும் பந்தயத்தில் நூற்றுக்கு ஒன்று எப்போதும் தளத்துக்குத்தான். விதை அதை மாற்றாது. ‘சரிபார்க்கத்தக்க முடிவு’ போதும்.

கதிர்:
என் மைத்துனர் ஒவ்வொரு பகடையையும் இப்படிக் கணக்கிட்டுப் பார்த்தார். எல்லாம் பொருந்தியது. வென்ற பணத்தை எடுக்கப் போனபோது கணக்கை முடக்கிவிட்டார்கள். ‘நேர்மை’ வேண்டவே வேண்டாம்.

மலர்விழி:
வருந்துகிறேன் கதிர். ‘முடிவு’ என்ற சொல்லின் தேவை இப்போது புரிகிறது. இளங்கோ, ஒவ்வொரு பந்தயமும் முடிந்த கையோடு சரிபார்க்கலாம் என்று எழுதியிருக்கிறேனே, அது சரியா?

இளங்கோ:
இல்லை. ஒரே விதையில் நூறு பந்தயம் ஓடும். நீங்கள் விதையை மாற்றினால்தான் பழையது வெளியே வரும். முன்னமே தெரிந்தால் அடுத்த பகடையை நீங்களே கணித்துவிடுவீர்கள்.

தளம் இட்டுத்தரும் ஆட்டக்காரர் விதையை அப்படியே விடுவதும் ஆபத்து. இரண்டும் தளத்தின் கையில் இருந்தால், ஆயிரம் விதைகளை ஓட்டிப் பார்த்து நமக்குத் தோல்வி தருவதைப் பொறுக்கி, அதன் ஹேஷைக் காட்டலாம். கணக்கு அப்போதும் பொருந்தும். ஹேஷைப் பார்த்த பிறகு நம் விதையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும்.

சுந்தரம்:
அப்படியானால் ‘விதை’யே இடிக்கிறது. விதை முளைக்க வேண்டும். இது இருவர் ஒளித்துவைத்துச் சேர்க்கும் எண். ‘கரவெண்’ எனலாமா?

இளங்கோ:
நம்முடையதை ஒளிப்பதில்லையே ஐயா, தளத்திடம் கொடுத்துவிடுகிறோம். தளத்தினுடையதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

மலர்விழி:
இப்போதைக்கு ‘சரிபார்க்கத்தக்க முடிவு’ என்று திருத்திவிட்டேன். ‘விதை’ அப்படியே நிற்கிறது.