மறு: ஸ்டாண்ட்பை லோடு – தமிழில் என்ன சொல்லலாம்?

கயல்விழி:
அன்புள்ள குழுவினருக்கு, ஸ்மார்ட் பிளக் ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். ரிமோட்டில் அணைத்த பிறகும் டிவியும் அதோடு இருக்கும் பெட்டிகளும் இழுக்கிற மின்சாரத்துக்கு ஒரு சொல் வேண்டும். 'காத்திருப்புச் சுமை' என்று எழுதிப் பார்த்தேன். மூட்டையோடு வரிசையில் நிற்பவர்தான் நினைவுக்கு வருகிறார்.

மாணிக்கம்:
'துயில்சுமை' என்க. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். 'தூங்குசுமை' வேண்டாம். தூங்குதல் என்றால் பழந்தமிழில் தொங்குதல், அசைதல். வஞ்சிப்பாவின் ஓசைக்குத் தூங்கலோசை என்று பெயர் வந்ததை நினையுங்கள். யானைக்கும் தூங்கல் என்றொரு பெயர் உண்டு. அது நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருக்கும் அல்லவா, அதிலிருந்து...

சேகர்:
ஐயா, யானையை அப்புறம் பார்ப்போம். துயில் என்பதே இங்கே பொருந்தாது. அணைத்த டிவியில் ரிமோட்டின் சமிக்ஞைக்காக ஒரு சிறு சுற்று விழித்திருக்கிறது. ஓஎல்இடி டிவி என்றால், சில மணி நேரம் பார்த்து ரிமோட்டில் அணைத்த பிறகுதான் திரையின் புள்ளிகளைச் சரிசெய்யும் வேலையே தொடங்கும். உடனே பிளக்கை வெட்டினால் அந்த வேலை நடக்காது. பதிவு வசதியுள்ள செட்டாப் பாக்ஸோ ஏறக்குறைய முழுதாக இயங்கிக்கொண்டே இருக்கும். பலவற்றில் அணைவது முகப்பு விளக்கு மட்டும்தான். என் ஓட்டு 'விழிப்புச் சுமை'க்கு.

நாச்சியார்:
உறங்குவது போலிருந்தும் எல்லாம் அறிந்திருப்பதற்குத் தமிழில் முன்பே சொல் இருக்கிறதே! அறிதுயில். பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளுக்குச் சொல்வது. 'அறிதுயில் மின்சுமை' என்று வைத்தால் மாணிக்கம் ஐயாவின் துயிலும் சேகரின் விழிப்பும் ஒன்றாக வந்துவிடும்.

ராஜா:
பெயர் எதுவானாலும் பிளக்கைப் போட்டு எல்லாவற்றையும் வெட்டினால் மிச்சம்தானே? அமைப்புகள் அழிந்தால் உள்ளே பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று பொருள்.

சேகர்:
பாதி சரி. கடிகாரத்தைச் சில கருவிகளில் சிறு பேட்டரியோ பெரிய மின்தேக்கியோ காக்கிறது. அது தளர்ந்தால் நேரம் போகும். சேனல் வரிசை, ஒலி அளவு போன்றவை மின்சாரமே இல்லாவிட்டாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பவை. ஆனால் ஃபிளாஷில் ஒரே இடத்தில் எழுதிக்கொண்டே இருந்தால் தேயும். அதனால் பல கருவிகள் நீங்கள் மாற்றியதைத் தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்து, ரிமோட்டில் அணைக்கும்போதுதான் ஃபிளாஷுக்கு மாற்றும். அதற்குள் டைமர் வெட்டினால் போயிற்று. கண்டுபிடிக்க ஒரு வழி: ஒலி அளவை மாற்றி, ரிமோட்டில் அணைத்து, ஒரு நிமிடம் விட்டு பிளக்கை வெட்டுங்கள். இன்னொரு முறை, ஓடும்போதே வெட்டுங்கள். வன்தட்டு உள்ள பெட்டியில் மட்டும் இரண்டாவதைச் செய்யாதீர்கள், பதிவுகள் கெடலாம். முதல் முறை நினைவிருந்து இரண்டாம் முறை மறந்தால், கோளாறு வெட்டும் நேரத்தில்தான்.

மிச்சக் கணக்கையும் பாருங்கள். டிவி 0.4 வாட், பெட்டி 11 வாட், பிளக் 0.8 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் 18 மணி நேரம் வெட்டினால் டிவியில் மிச்சம் 7.2 வாட்-மணி. பிளக் 24 மணி நேரமும் வைஃபையோடு பேசிக்கொண்டு 19.2 தின்கிறது. டிவிக்கு மட்டும் பிளக் போட்டால் நட்டம்! பெட்டியில் 198 மிச்சம், ஆனால் அந்த நேரத்துப் பதிவும் நிகழ்ச்சி அட்டவணையும் போய்விடும்.

பர்வீன்:
என் டைமரே நேரத்தை மறக்கிறது. சுற்றிவர முள் வைத்த பழைய வகை. மின்வெட்டு வந்த நாளெல்லாம் தாமதமாக அணைகிறது. இதுவும் இந்தச் சுமையால்தானா?

சேகர்:
இல்லை அம்மா, அது வேறு. அதன் மோட்டார் மின்சாரம் இருந்தால்தான் சுழலும். ஒரு மணி நேரம் மின்சாரம் நின்றால் ஒரு மணி நேரம் பின்தங்கும். கையால் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

மாணிக்கம்:
அறிதுயிலை ஏற்கிறேன். 'சுமை' மட்டும் உறுத்துகிறது. தோளில் ஏற்றுவதே சுமை. 'மின்நுகர்வு' என்றாலென்ன?

சேகர்:
நுகர்வு வாட்-மணியில் வரும், சுமை வாட்டில். கையேட்டில் இரண்டும் இருக்கின்றன, கலக்கக் கூடாது.

கயல்விழி:
எல்லோருக்கும் நன்றி. 'அறிதுயில்' மனத்துக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு கையேட்டைப் புரட்டுபவர் அந்தச் சொல்லில் நின்றுவிடக் கூடாது. பெரும்பாலோர் தனிமடலில் சொன்னபடி 'காத்திருப்பு மின்சுமை' என்றே போடுகிறேன். 'மின்' சேர்ந்ததும் அந்த மூட்டை கொஞ்சம் மறைகிறது. எச்சரிக்கை வரி இது: 'முதலில் ரிமோட்டில் அணையுங்கள். சில நிமிடங்கள் கழித்து பிளக் அணையுமாறு டைமரை வையுங்கள்.'

நாச்சியார்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். காத்திருப்பு என்றால் கருவி சும்மா இருக்கிறது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். சும்மா இருப்பதை வெட்டினால் என்ன கெட்டுவிடும் என்று வெட்டுவார். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.

சேகர்:
எச்சரிக்கை வரியில் 'சில நிமிடங்கள்' பதிவுப் பெட்டிக்குப் போதாது. அதை பிளக்கில் சேர்க்கவே வேண்டாம் என்று தனி வரி போடுங்கள்.