ஒடியல் கூழ் வீடியோ பிரதியை வானொலிக்கு மாற்றுகிறேன், ஒரு வசனத்தில் நிற்கிறேன்

வணக்கம். ஒடியல் கூழ் காய்ச்சுவது பற்றி 7 நிமிட வீடியோவுக்கு எழுதிய பிரதியை, யாழ்ப்பாணத்தில் ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு மாற்றுகிறேன். சனிக்கிழமை குரல்பதிவு.

"இங்கே பாருங்கள்", "திரையில் உள்ள அளவு" போன்றவற்றை முதலிலேயே எடுத்துவிட்டேன். அப்புறம் கண்ணை மூடிக் கேட்டபோதுதான் "இப்படி", "இவ்வளவு", "இந்த" என்று ஒளிந்திருந்தவை பிடிபட்டன. "இவ்வளவு தண்ணீரில் மாவை ஊறவையுங்கள்" என்பது "மாவு மூழ்கி, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கட்டும்" என்றானது. அது சரி.

சிக்கல் கடைசியில்தான். "மாவைக் கரைத்து ஊற்றி, இந்தப் பதம் வந்ததும் இறக்குங்கள்." வீடியோவில் அந்த இடத்தில் 9 விநாடி குரலே இல்லை, அகப்பையிலிருந்து கூழ் வழிவது மட்டும் தெரியும். "இந்தப் பதம்" என்பதை வெட்டினால் எப்போது இறக்குவதென்று தெரியாது. "தடித்ததும்" என்று மாற்றினேன். அதைக் கேட்டுக் காய்ச்சிய அக்கா களி போல இறுகும்வரை விட்டுவிட்டார். கொதிக்கும் சத்தத்தைச் சேர்த்தேன், அது சோறு கொதிப்பது போலத்தான் கேட்கிறது.

கூழ் காய்ச்சிப் பழகியவர்களே, காதால் மட்டும் கேட்பவர் அடுப்படியில் நின்று பிடித்துக்கொள்ளும்படி அந்தப் பதத்தை ஒரே வசனத்தில் எப்படிச் சொல்வீர்கள்?