மெருகேற்றிய பதிவில் எங்கள் தோட்டமே காணாமல் போய்விட்டது, எப்படி மீட்பது?

கம்பம்மெட்டு ஏலம்:
எல்லோருக்கும் வணக்கம். கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம், இடுக்கியில், எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. வீடு கம்பத்தில். காய் வந்ததும் வழக்கமாக வாங்குகிறவர்களுக்கு ஒரு பதிவு எழுதி அனுப்புவேன். இந்த முறை நான் எழுதியதை அண்ணன் மகன் ஏஐ செயலியில் போட்டு, "நல்லா மெருகேத்திக் கொடு" என்று கேட்டு வாங்கித் தந்தான். வந்தது இது:

"மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமையான மடியில் விளையும் எங்கள் ஏலக்காய் வெறும் நறுமணப் பொருள் மட்டுமல்ல, அது தலைமுறைகளின் உழைப்பு, அர்ப்பணிப்பு மற்றும் பாரம்பரியத்தின் அடையாளம். பல்வேறு சவால்களுக்கு மத்தியிலும் தரத்தில் எந்தச் சமரசமும் செய்யாமல், ஒவ்வொரு காயும் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பாரம்பரிய முறையில் உலர்த்தப்படுகிறது. இயற்கையின் தூய்மையை உங்கள் இல்லத்திற்கே கொண்டு வருகிறோம். இந்த மணமிக்க பயணத்தில் எங்களுடன் இணையுங்கள்!"

பிழை எதுவும் இல்லை. ஆனால் மதுரையில் இருந்து வருடாவருடம் வாங்கும் ஒரு அக்கா, "இது நீ எழுதினதா, இல்ல ஏதாச்சும் கம்பெனிக்காரன் அனுப்புனதா?" என்று கேட்டுவிட்டார். எழுத்து பிழையில்லாமலும் இருக்க வேண்டும், நாங்கள் பேசுவது மாதிரியும் இருக்க வேண்டும். எதை மாற்றுவது?

சித்தூர்த் தம்பி:
அக்கா, ரொம்ப ஈசி. "மற்றும்" எல்லாவற்றையும் தூக்குங்கள். "மட்டுமல்ல", "பயணம்", கடைசி ஆச்சரியக்குறி மூன்றும் போகட்டும். அப்புறம் பேச்சு வழக்கில் மாற்றிவிடுங்கள். ஒன்றிரண்டு எழுத்துப்பிழை இருந்தால் இன்னும் நல்லது, மனுசன் எழுதினது என்று தெரியும். உதாரணத்துக்கு: "மலை மடியில வெளையுற நம்ம ஏலக்கா சும்மா மசாலா இல்லீங்க, தலைமுறை தலைமுறையா பட்ட பாடு. எத்தன கஷ்டம் வந்தாலும் தரத்துல கை வைக்க மாட்டோம்."

செங்கோட்டை பழைய டெஸ்க்:
தம்பி சொன்ன சொற்களை எடுப்பது சரிதான். நாளிதழில் துணை ஆசிரியராக இருந்த காலத்தில் "மற்றும்" வரும் இடத்தில் எல்லாம் நாங்களும் "உம்" போட்டு மாற்றுவோம். ஆனால் தம்பி எழுதிய வரிகளைப் பாருங்கள். நடை மாறிவிட்டது, விஷயம் அதேதான். முதலில் ஒன்றும் சொல்லவில்லை, இப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சோதனை இருக்கிறது. ஏலக்காய் என்ற சொல்லை எடுத்துவிட்டு மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் என்று எதையாவது வைத்துப் படியுங்கள். "காயும்" என்பதை மட்டும் மாற்றினால் அந்தப் பத்தி முழுக்க அப்படியே நிற்கும். எந்த வரி அப்படி நிற்கிறதோ அது உங்கள் வரி இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்றால், அந்தச் செயலி ஒவ்வொரு இடத்திலும் பெரும்பாலும் எது வருமோ அதைத்தான் எடுத்து வைக்கிறது. நீங்கள் எழுதியதில் உங்களுக்கு மட்டுமே தெரிந்த விவரம் ஒன்று இருந்தால், அது வேறு எங்கும் அதிகம் வராத விவரம். மெருகேற்றச் சொன்னால் அதைக் கரடுமுரடு என்று நினைத்து இழைத்துவிடும். ஆகவே காணாமல் போனது உங்கள் முதல் வரைவில் இருக்கிறது. அதை இங்கே போடுங்கள், பிழையோடு அப்படியே. "இன்னும் கொஞ்சம் விவரம் சேர்" என்று செயலியிடம் மறுபடி கேட்க வேண்டாம். அதற்கு உங்கள் தோட்டம் தெரியாது. பனித்துளியையும் தாத்தாவையும் கொண்டுவந்து வைக்கும்.

மூணாறு டீச்சர்:
ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் தளங்கள் இருக்கின்றனவே, அதில் போட்டு சதவீதம் குறையும் வரை மாற்றினால் போதாதா? என் வகுப்புப் பிள்ளைகள் கட்டுரையை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

செங்கோட்டை பழைய டெஸ்க்:
டீச்சர், அந்த எண்ணை நம்பிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. அது ஆங்கிலத்துக்கு. தமிழுக்கு இன்னும் சந்தேகம்தான். தவிர, இவர் கேட்பது வேறு. கருவியை ஏமாற்றுவது இல்லை, மதுரை அக்கா நம்ப வேண்டும்.

மூணாறு டீச்சர்:
சரி சார், புரிகிறது. போன பருவத்தில் "என் ஊர்" கட்டுரையில் ஒரு மாணவன் "இயற்கை எழில் கொஞ்சும்" என்று ஆரம்பித்திருந்தான். திட்டவில்லை. "உங்க எஸ்டேட் லயத்து வீட்டுல தண்ணி எங்கடா பிடிப்பீங்க?" என்று கேட்டேன். அவன் வாயால் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். அந்த ஒரு பத்திதான் கட்டுரையில் நன்றாக இருந்தது.

கம்பம்மெட்டு ஏலம்:
நான் முதலில் எழுதியது இதுதான்:

"இந்த வருசம் காய் கம்மி. 2024 கோடை வெயில்ல பாதிச் செடி காஞ்சுபோச்சு, அப்புறம் வச்சது இப்பத்தான் காய்க்க ஆரம்பிச்சிருக்கு. ஞள்ளானிதான். 8 எம்எம் காய் அதிகம் இல்ல, ஏழும் ஏழரையும்தான். கலர் போடல, அதனால கடைல பாக்குற மாதிரி ஒரே பச்சையா இருக்காது. எங்களுக்கு சொந்தமா ஸ்டோர் இல்ல, பக்கத்து தோட்டத்து ஸ்டோர்லதான் காயவச்சு வாங்குறோம். வெடிச்ச காய் தனியா இருக்கு, விலை கம்மி, டீக்கும் பாயாசத்துக்கும் அது போதும். போன தடவ சிலபேர் கண்ணாடி பாட்டில்ல வெளிச்சத்துல வச்சு கலர் போயிருச்சுன்னு சொன்னாங்க. மூடின டப்பால இருட்டுல வைங்க."

செங்கோட்டை பழைய டெஸ்க்:
அம்மா, இது நல்ல பதிவு! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"பல்வேறு சவால்கள்" என்று ஆனது 2024 கோடை. உங்கள் வரியில் காய் ஏன் குறைவு, ஏன் சிறிது என்பதற்குக் காரணம் இருந்தது. மெருகில் அந்தக் காரணம் போய்விட்டது, ஆனால் காய் சிறியதாகத்தான் போய்ச் சேரப்போகிறது. வாங்கியவர் பொட்டலத்தைப் பிரித்ததும் கோபப்படுவார்.

"தரத்தில் சமரசம் இல்லை" என்ற வரி வெடித்த காயை விழுங்கிவிட்டது. விலை குறைந்த காய் வேண்டும் என்பவர் இனி உங்களைத் தேடி வரமாட்டார்.

"உலர்த்தப்படுகிறது", "தேர்ந்தெடுக்கப்பட்டு" என்று எழுதினால் யார் செய்தார்கள் என்று சொல்லாமலே தப்பித்துவிடலாம். "படுகிறது" வரும் இடத்தில் எல்லாம் நின்று, யார் என்று கேளுங்கள். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. "பாரம்பரிய முறை" என்று நீங்கள் எழுதவே இல்லை, செயலி எழுதியது. இப்போது அது உங்கள் பெயரில் போகும்.

ஆகவே மெருகேற்றியதை ஒட்டுப்போட வேண்டாம். உங்கள் வரைவிலிருந்து தொடங்குங்கள். செயலி தந்ததில் எழுத்துப்பிழைத் திருத்தங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் டீச்சர் மாதிரி நானும் கேட்கிறேன். காயைப் பொறுக்குவது யார்? காய்ந்ததை எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? ஸ்டோரில் என்ன நெருப்பு?

கம்பம்மெட்டு ஏலம்:
பொறுக்குவது அம்மா. முறத்தில் போட்டு வெடித்ததையும் பிஞ்சையும் ஒதுக்குவார். காய்ந்த காயை ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்குவார், உள்ளே அரிசி, அதாவது விதை, கலகலவென்று கேட்டால் சரி. ஸ்டோர் விறகு அடுப்புதான், குழாய் வழியாகச் சூடு போகும். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும், மழை நேரத்தில் இன்னும் கூடும். ஐந்து ஆறு கிலோ பச்சைக்காய் போட்டால் ஒரு கிலோ வரும்.

இதையெல்லாம் வைத்து எழுதிப் பார்த்தேன்:

"இந்த வருடம் காய் குறைவு. 2024 கோடையில் பாதிச் செடி காய்ந்துவிட்டது, அதன் பிறகு வைத்த செடிகள் இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. ரகம் ஞள்ளானி. பெரும்பாலும் 7, 7.5 எம்எம் காய்தான், 8 கொஞ்சம்தான் இருக்கிறது. கலர் போடவில்லை, அதனால் கடைக்காய் போல ஒரே பச்சையாக இருக்காது. பக்கத்துத் தோட்டத்து விறகு ஸ்டோரில் காயவைத்து வாங்குகிறோம். அம்மாதான் பொறுக்குகிறார். குலுக்கினால் உள்ளே அரிசி கலகலக்கும் காயை மட்டும் எடுக்கிறார். தலைமுறைகளாக எங்கள் ரத்தத்தில் கலந்த வாசம் இது. வெடித்த காய் தனியாக உண்டு, விலை குறைவு, டீக்கும் பாயாசத்துக்கும் போதும். மூடிய டப்பாவில் வெளிச்சம் படாமல் வையுங்கள், கண்ணாடி பாட்டில் வேண்டாம், நிறம் போய்விடும்."

செங்கோட்டை பழைய டெஸ்க்:
"ரத்தத்தில் கலந்த வாசம்" வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். மிளகுச் சோதனையில் அது நிற்கிறது. அம்மா குலுக்குவது ஒன்றே போதும், இன்னொரு குடும்பக் கதை வேண்டாம். பச்சைக்காய்க் கணக்கை நீங்கள் சேர்க்காததும் நல்லது. விலை ஏன் கூடுதல் என்று யாராவது கேட்டால் அப்போது சொல்லலாம். உண்மை என்பதற்காக எல்லா விவரத்தையும் கொட்டினால் அதுவும் படிக்க முடியாமல் போகும்.

சித்தூர்த் தம்பி:
எழுத்துப்பிழை யோசனையை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அக்கா, "ஸ்டோர்" என்றால் சென்னைக்காரர்களுக்குக் கடை என்றுதான் தோன்றும். "விறகுக் கடையில் காயவைக்கிறார்களா?" என்று கேட்பார்கள். "உலர்த்தும் கூடம்" என்று போடலாமே? இன்னொன்று, அது பக்கத்துத் தோட்டத்துடையது என்று ஏன் சொல்ல வேண்டும்? வாங்குகிறவர்களுக்குச் சந்தேகம் வரும்.

செங்கோட்டை பழைய டெஸ்க்:
"உலர்த்தும் கூடம்" என்று இவர் வீட்டில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். "காய் காயவைக்கும் ஸ்டோர்" என்றால் புரிந்துவிடும். பக்கத்துத் தோட்டம் என்பதை நான் விடவே மாட்டேன். மறைக்காமல் சொன்ன அந்த ஒரு வரியால்தான் மற்ற வரிகளையும் நம்பத் தோன்றுகிறது.

மூணாறு டீச்சர்:
அதில் நான் தம்பி பக்கம். நண்பரிடம் சொல்லலாம், விற்பனைப் பதிவில் எதற்கு? கேட்டால் சொன்னால் போதும்.

கம்பம்மெட்டு ஏலம்:
ரத்த வரியை எடுத்துவிட்டேன். "காய் காயவைக்கும் ஸ்டோர்" என்று மாற்றியாயிற்று. பக்கத்துத் தோட்டம் என்பதை வைப்பதா எடுப்பதா என்று ஸ்டோர்க்காரரிடமே கேட்க வேண்டும், அவர் ஸ்டோரைப் பற்றியும் இதில் இருக்கிறதே. நாளைக்குக் காய் கொண்டுபோகும்போது கேட்டுவிட்டு மதுரை அக்காவுக்குத்தான் முதலில் அனுப்பப்போகிறேன். அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுகிறேன்.