'மிடில் கிரவுண்ட்' நடுநிலையா, வேறு சொல் வேண்டுமா?

குறிப்பெழுதுபவர், கோவை:

அனைவருக்கும் வணக்கம். சிறு மென்பொருள் நிறுமம் ஒன்றின் நிறுவனர்கள் இருவர், பங்கை எப்படிப் பிரிப்பது, யார் எந்தப் பொறுப்பில் இருப்பது என்று வாக்குவாதம் செய்த ஒலிப்பதிவு கையில் இருக்கிறது. 1 மணி 12 நிமிடம் ஓடுகிறது. பதிவாவது இருவருக்கும் தெரியும். சுருக்கம் தமிழில் வேண்டுமாம். பணம் போடப்போகும் பெரியவர் படிக்க வேண்டும் என்பதால் மூன்று பகுதியாகக் கேட்டிருக்கிறார்கள்: இவர் சொன்ன நிலைப்பாடு, அவர் சொன்ன நிலைப்பாடு, அப்புறம் 'மிடில் கிரவுண்ட்'.

மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டேன். 'நடுநிலை' என்று எழுதினேன், படித்தால் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. 'சமரசம்' என்றால் பேசி முடித்துவிட்டதாக ஆகிவிடும், இவர்கள் முடிக்கவில்லை. 'பொதுத்தளம்' இப்போது கணினிக்காரர்கள் வாயில் வேறு பொருளுக்குப் போய்விட்டது.

விஷயம் இதுதான். மூத்தவர் 14 மாதம் முன்பே தொடங்கி, 8 லட்சம் போட்டவர். 60–40 கேட்கிறார், நிர்வாக இயக்குநர் தான்தான் என்கிறார். இளையவர் வேலையை விட்டுவிட்டு வந்து, சம்பளமில்லாமல் நிரல் முழுவதும் எழுதியவர். 50–50 கேட்கிறார், தொழில்நுட்ப முடிவுகளில் தன் சொல்லே கடைசி என்கிறார். 'மிடில் கிரவுண்ட்' பகுதியில் 55–45 என்று எழுதி வைத்திருக்கிறேன். சொல் மட்டும் கிடைத்தால் அனுப்பிவிடுவேன்.

தமிழாசிரியர், தஞ்சை:

'இணங்கிடம்' என்று வையுங்கள். இணங்கு என்பதோடு இடம் சேர்ந்தது. உறைவிடம், புகலிடம் போல வாயில் எளிதாக வரும். வினைத்தொகை என்பதால் இணங்கிய, இணங்கும் என்று எல்லாக் காலத்தையும் தன்னுள் அடக்கும். 55–45 நன்றாகவே இருக்கிறது, 60-க்கும் 50-க்கும் நடு அதுதானே.

கூடவே ஒரு வருத்தம். பள்ளிப் பாடநூலில் ஈக்விட்டி ஷேருக்கு 'நேர்மைப் பங்கு' என்று இருக்கிறது. அப்படியானால் மற்ற பங்கெல்லாம் நேர்மையற்றதா? உங்கள் சுருக்கத்தில் அதைப் போட்டுவிடாதீர்கள்.

அச்சகம் நடத்துபவர், சிவகாசி:

ஐயா, அனுபவத்தில் சொல்கிறேன். நானும் என் மச்சானும் பாதிப் பாதி. ஒரு பழைய ஆஃப்செட் மெஷினை விற்கலாமா வேண்டாமா என்பதில் எட்டு மாதம் போனது. கடைசியில் துருப்பிடித்துப் பழைய இரும்பு விலைக்குப் போனது. ஆகவே 50–50 கொடுக்கவே கூடாது. அந்த இளையவருக்கு 30 போதும். சம்பளம் வேண்டுமானால் கொடுக்கச் சொல்லுங்கள்.

குறிப்பெழுதுபவர், கோவை:

அண்ணா, யாருக்கு எவ்வளவு என்று நான் சொல்லப்போவதில்லை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைத்தான் எழுத வேண்டும். மெஷின் கதை மனதை என்னவோ செய்கிறது.

நிறுமச் செயலர், சென்னை:

அச்சக அண்ணன் கேள்வியை மாற்றிவிட்டாலும் பாதி சரியாகத்தான் சொல்கிறார். பங்குதாரர் இருவரே என்றால், பாதிப் பாதியில் சாதாரணத் தீர்மானம்கூட ஒருவர் மறுத்தால் நிறைவேறாது.

ஆனால் எனக்கு உறுத்துவது அந்த 55–45. பதிவில் யாராவது ஒருவர் அந்த எண்ணைச் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் அது உங்கள் கணக்கு, அவர்கள் இணக்கம் இல்லை. அதோடு அந்தக் கணக்கு இளையவருக்கு ஒன்றும் தராது. 2013 கம்பெனிகள் சட்டப்படி சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வாக்கு போதும். சிறப்புத் தீர்மானத்துக்கு, எதிர்ப்பைப்போல மூன்று மடங்கு ஆதரவு வேண்டும், அதாவது முக்கால் பங்கு. 60 வைத்திருப்பவரும் 55 வைத்திருப்பவரும் பாதியைத் தாண்டியவர்கள், முக்காலை எட்டாதவர்கள். அதிகாரத்தில் இரண்டும் ஒன்றே. ஓர் இயக்குநரை நீக்குவதற்குச் சாதாரணத் தீர்மானமே போதும். முன்னறிவிப்பு தர வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். 40-லிருந்து 45-க்கு ஏறினாலும் இளையவரை மூத்தவர் தனியாகவே நீக்கிவிட முடியும்.

அதனால் கேட்கிறேன்: இளையவர் எங்காவது நீக்கப்படுவதைப் பற்றிப் பேசினாரா?

குறிப்பெழுதுபவர், கோவை:

பேசியிருக்கிறார் அம்மா! நீங்கள் கேட்ட பிறகு மறுபடி போட்டுக் கேட்டேன். 41-ஆம் நிமிடம், அப்படியே தருகிறேன்:

இளையவர்: "நாப்பதுன்னாலும் எனக்குப் பரவாயில்லண்ணா. ஆனா நாளைக்கு நீங்களே என்னைத் தூக்கிட்டா?"
மூத்தவர்: "சரி சரி… அதைப் பாக்கலாம்."

முதலில் கேட்டபோது 'நாப்பதுன்னாலும் பரவாயில்ல', 'சரி' என்ற இரண்டும் மட்டும் காதில் விழுந்து, 60–40-க்கு இருவரும் ஒத்துக்கொண்டார்கள் என்று குறித்திருந்தேன். பிறகு இளையவர் 58-ஆம் நிமிடத்தில் மறுபடி பாதிக்கு வந்ததும் குழம்பி, நடுவில் 55 போட்டேன். இப்போது தெரிகிறது. அவர் 40-க்கு இறங்கியது நிபந்தனையோடு. நிபந்தனைக்குப் பதில் கிடைக்காததால் திரும்பப் போயிருக்கிறார்.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:

அந்தச் 'சரி'யில்தான் எனக்கும் கண். தமிழில் பேசும்போது 'சரி', 'ம்ம்', 'ஓம்' எல்லாம் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கும் வரும். 'பாப்பம்' என்றால் எங்கட ஊரில் முக்கால்வாசி இல்லை என்றுதான் பொருள். எழுத்தில் இறக்கும்போது அதை உடன்பாடாக எழுதிவிட்டால் இல்லாத வாக்குறுதியைப் பதிந்ததாகிவிடும். எண்ணையோ செயலையோ தன் வாயால் திருப்பிச் சொன்னால்தான் நான் இசைவு என்று எடுப்பேன்.

இன்னொன்றையும் பாருங்கள்: 'நாங்க', 'நாம' இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். மூத்தவர் "நாங்க ஆரம்பிச்சப்ப" என்று சொல்லியிருந்தால் எதிரில் இருப்பவரை அவர் சேர்க்கவில்லை.

ஈக்விட்டிக்கு எங்கள் கணக்கியல் நூல்களில் 'உரிமையாண்மை' என்று வரும். நேர்மைப் பங்கை விட மேல், இல்லையா ஐயா?

குறிப்பெழுதுபவர், கோவை:

அக்கா, தேடிப் பார்த்தேன். மூத்தவர் முதல் கால் மணி நேரம் முழுக்க 'நாங்க'. 23-ஆம் நிமிடத்தில் பணப் பேச்சு வரும்போது 'நாம' ஆகிறது: "அந்த எட்டு லட்சத்தை நாம கடனாகூட எழுதிக்கலாம்." ஐம்பதாவது நிமிடத்தில் இளையவர் அதையே எடுக்கிறார்: "பணத்தைக் கடனா எழுதி நீங்க திருப்பி எடுத்துக்கங்க, பங்குல அதைக் கலக்காதீங்க." இருவர் வாயிலும் வருகிறது. இது இணங்கிடம்தானே?

பங்கு கொஞ்சம் கொஞ்சமாக உரிமையாகும் நான்கு வருட வெஸ்டிங்கும் அப்படித்தான், இருவருமே தனித்தனியாக 'நாலு வருஷம்' என்கிறார்கள். மூத்தவர் மட்டும் ஒரு வருட கிளிஃப் வேண்டும், அதுவரை எதுவும் உரிமையாகக் கூடாது என்கிறார்.

நிறுமச் செயலர், சென்னை:

கடன், ஆம், அது இருவரும் சொன்னது. ஆனால் 'நாலு வருஷம்' இருவர் மனதிலும் ஒன்றா என்று பாருங்கள். நிறுமத்தில் 10,000 பங்கு, இளையவர் பெயரில் 4,000 என்று வைத்துக்கொள்வோம். 48 மாதத்தில் உரிமையாகும் ஏற்பாடு. முதல் 12 மாதம் ஒன்றுமில்லை, அது முடிந்த அன்று 1,000. அப்புறம் மாதாமாதம் ஏறும். 18-ஆம் மாதம் முடிந்து அவர் கிளம்பினால் 1,500 அவருடையது, மீதி 2,500 திரும்பப் போகும். 11-ஆம் மாதத்தில் கிளம்பினால் எதுவுமே இல்லை. இதில் எண்ணத் தொடங்கும் நாள் எது? மூத்தவருக்கு அவருடைய 14 மாதத்தைக் கழித்துவிட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், அவருக்கு ஏற்கெனவே ஒரு பகுதி உரிமையாகிவிட்டது. அதை யாரும் பேசவில்லை என்றால் 'காலம் இருவரும் சொன்னது, தொடக்க நாள் பேசப்படவில்லை' என்றே எழுதுங்கள்.

தமிழாசிரியர், தஞ்சை:

அந்த ஒரு வருடம் சட்டத்திலேயே இருக்கிறதாமே? என் மாணவன் ஒருவன் சொன்னான்.

நிறுமச் செயலர், சென்னை:

பின்னாளில் பங்கு வாங்கிக்கொள்ள ஊழியருக்குத் தரும் விருப்புரிமைக்கு இருக்கிறது ஐயா, வழங்குவதற்கும் உரிமையாவதற்கும் இடையில் குறைந்தது ஒரு வருடம். நிறுவனர்கள் ஏற்கெனவே தங்கள் பெயரில் வைத்திருக்கும் பங்குக்கு அது பொருந்தாது. அதை இருவரும் ஒப்பந்தம் போட்டுத்தான் கட்டிக்கொள்ள வேண்டும், நிறுமத்தின் செயல்முறை விதிகளிலும் ஏற்ற வேண்டும். பங்கு மாற்றத்துக்கான தடை விதிகளில் இல்லாவிட்டால் நிறுமத்தைக் கட்டாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் ஒரு குடும்ப நிறுமத்தின் வழக்கில் சொல்லியிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:

ஐயாவின் 'இணங்கிடம்' அழகான சொல். ஆனால் அவர் பெருமையாகச் சொன்னதுதான் எனக்குப் பயம். வினைத்தொகை காலம் காட்டாது. படிக்கிற பெரியவருக்கு இது இணங்கியதா, இனி இணங்கக்கூடியதா என்று எப்படித் தெரியும்? இந்தச் சுருக்கத்தில் சண்டையே அதில்தானே.

தமிழாசிரியர், தஞ்சை:

ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் 'இணங்கிடம்' தலைப்பாக இருக்கட்டும். அதன் கீழே 'இருவரும் சொன்னது' என்றும் 'ஒருவர் நிபந்தனையோடு சொன்னது' என்றும் பிரித்துவிடலாம். 55–45-ஐ நான் தாங்கிப் பேசியது தவறு. அதற்கு 'நடுப்புள்ளி' என்று வேறு பெயர் வைத்து வெளியே நிறுத்துங்கள்.

குறிப்பெழுதுபவர், கோவை:

55–45-ஐ எடுத்தேவிட்டேன். இணங்கிடம் பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

"இருவரும் சொன்னது: 8 லட்சத்தைக் கடனாக எழுதலாம் (23, 50-ஆம் நிமிடம்). உரிமையாகும் காலம் நான்கு வருடம். தொடக்க நாள் பேசப்படவில்லை. நிபந்தனையோடு சொன்னது: தன்னை நீக்க முடியாத ஏற்பாடு இருந்தால் 40 விழுக்காட்டுக்கு இளையவர் ஒத்துக்கொள்கிறார் (41). மூத்தவர் 'பாக்கலாம்' என்றார், இசைவு சொல்லவில்லை. நிர்வாக இயக்குநர் பொறுப்பு: மூத்தவர் கேட்டார், இளையவர் மறுத்ததும் இல்லை, ஏற்றதும் இல்லை."

கடைசி வரியில்தான் ஐயம். மறுக்காததை எழுத வேண்டுமா?

நிறுமச் செயலர், சென்னை:

எழுதுங்கள். பணம் போடுபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அச்சகம் நடத்துபவர், சிவகாசி:

வெஸ்டிங்குக்குச் சொல் யாரும் சொல்லவில்லையே. 'உரித்தாதல்' என்றால் என் கடைப் பையன் கோழியை உரிப்பது என்கிறான்.

தமிழாசிரியர், தஞ்சை:

பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 'உரிமை முதிர்வு' பார்க்கலாமா?

நிறுமச் செயலர், சென்னை:

வைப்புநிதி முதிர்வு போல ஒரே நாளில் மொத்தமாக வந்துவிடும் என்று நினைத்துவிடுவார்களே ஐயா. இது மாதாமாதம் வருவது.