ஆய்வேட்டில் கேள்வியையும் முடிவையும் இணைக்கும் இழை நடுவில் அறுந்திருக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். இரவுப் பணியும் செவிலியர் வேலையை விடுவதும் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேடு முதல் வரைவாக முடிந்துவிட்டது. சமர்ப்பிக்கும் முன் ஒரு அட்டவணை போட்டேன். ஒவ்வொரு ஆய்வுக் கேள்விக்கும் ஒரு வரிசை. அதற்கு எதிரே எந்தத் தரவு, எந்த இயலில் பகுப்பாய்வு, என்ன கண்டுபிடிப்பு, முடிவுரையில் எந்த வாக்கியம் என்று நிரப்பினேன்.

முதல் இரண்டு வரிசைகள் சரி. மூன்றாவது கேள்வி, மேற்பார்வையாளர்கள் பணிப் பட்டியலை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது. நான் பேட்டி எடுத்ததோ 14 செவிலியர்களை மட்டும். அந்த வரிசையில் தரவுக் கட்டம் காலி. அட்டவணையைப் பின்னாலிருந்து படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: முடிவுரையில் சம்பளம் பற்றி ஒரு பத்தி இருக்கிறது, அதற்குக் கேள்வியே இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது நோக்கம். முதல் இயலில் 'தாக்கத்தை அளவிடுதல்' என்று எழுதியிருக்கிறேன். பேட்டிகளால் அளவிட முடியாது. அனுபவத்தைப் புரிந்துகொள்ளத்தான் முடியும். ஆனாலும் முடிவுரை 'இரவுப் பணி விலகலை அதிகரிக்கிறது' என்கிறது.

நோக்கத்தை 'அனுபவங்களை ஆராய்தல்' என்று மாற்றி, முடிவுரையையும் அந்த அளவுக்குக் குறைக்க நினைக்கிறேன். மூன்றாம் கேள்வியை நீக்குவதா, 'செவிலியர் பார்வையில்' என்று சுருக்குவதா? தரவு சேகரித்த பிறகு கேள்வியை மாற்றியவர்கள் அதை முறையியல் இயலில் எப்படி விளக்கினீர்கள்? வாய்மொழித் தேர்வில் இதைப் பற்றிக் கேட்டார்களா?