எம்ஆர்ஐயில் மூன்று டிஸ்க், வலி மட்டும் கட்டைவிரல் வரை

பல்லடம் தறிக்காரர்:
பாவு பீமைத் தூக்கி மாட்டும்போது குறுக்கில் சுள்ளென்று பிடித்தது. மூன்றாம் நாள் குறுக்கு வலி குறைந்துவிட்டது. ஆனால் இடது சப்பையில் தொடங்கி, தொடை, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வழியாகக் கட்டைவிரல் வரை இழுத்தது. தும்மினால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். காலில்தானே வலி என்று எண்ணெய் போட்டுக் காலை உருவியே பத்து நாளைக் கடத்தினேன்.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில், முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வில், அதாவது டிஸ்க்கில், மூன்று இடம் போட்டிருந்தது. எல் என்றால் இடுப்புப் பகுதி எலும்பு, எஸ் அதற்குக் கீழே இருப்பது. எல்3-எல்4, எல்5-எஸ்1 இரண்டிலும் லேசான புடைப்பு. எல்4-எல்5இல் இடப்பக்கம் பிதுங்கல். மூன்று ஜவ்வும் போச்சு என்று வீட்டில் ஒரே அழுகை.

கோவையில் பார்த்த டாக்டர் எம்ஆர்ஐ படத்தைக் கையில் எடுக்கும் முன்பே என் காலைப் பார்த்தார். இரண்டு கட்டைவிரலையும் மேலே தூக்கச் சொல்லி, தன் விரலால் கீழே அழுத்தினார். வலது விரல் அசையவில்லை, இடது சட்டென்று இறங்கிவிட்டது. நுனிக்காலில் நன்றாக நின்றேன். குதிகாலில் நடக்கச் சொன்னபோது இடது பாதம் தாழ்ந்தது. மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்கினார். பாதி உயரம்கூடப் போகவில்லை, கத்திவிட்டேன். “எல்5 நரம்புதான்” என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் படத்தை மாட்டினார்.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் பிதுங்கினால் நான்காவது நரம்புதானே நசுங்க வேண்டும்? இது மட்டும் எனக்குப் புரியவில்லைங்க. உங்கள் ரிப்போர்ட்டிலும் இப்படித்தானா?

திருப்பூர் கட்டிங் மாஸ்டர்:
அண்ணா, எனக்கும் இதே எல்4-எல்5தான். ஜவ்வு நழுவினால் தட்டி உள்ளே தள்ள வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் தட்டிவிட்டார், இரண்டு மாதத்தில் ஓடியாடி வேலை செய்தேன். நரம்பு நசுங்கினால் கால் வலிக்கும் என்பது மட்டும் உண்மை.

ஈரோடு பிசியோ:
தறிக்கார அண்ணா கேட்டதற்கு முதலில் சொல்கிறேன். நான்காவது நரம்பு அந்த டிஸ்க்குக்கு மேலேயே ஓரமாகத் திரும்பி வெளியே போய்விடும். ஐந்தாவதுதான் அந்த டிஸ்க்கின் முதுகை ஒட்டிக் கீழே இறங்கி, அடுத்த ஓட்டையில் வெளியேறும். பெருந்துறையிலேயே திரும்பிப் போன வண்டியை விஜயமங்கலத்தில் அடைக்க முடியுமா? அதே டிஸ்க் வெகு ஓரத்தில் பிதுங்கியிருந்தால் நான்காவது மாட்டும். அப்போது வலி தொடையின் முன்பக்கம் வரும்.

எல்5-எஸ்1 புடைப்பு காரணமாக இருந்தால், வலி கெண்டைக்காலின் பின்பக்கமாகச் சுண்டுவிரலுக்குப் போயிருக்கும், நுனிக்காலில் நிற்கத்தான் தடுமாறியிருப்பீர்கள். அதனால் மற்ற இரண்டு புடைப்புக்கும் உங்கள் கால் வலிக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும் இப்படிப் புடைப்பு நிறையப் பேருக்கு இருக்கும்.

மாஸ்டர் தம்பி, டிஸ்க் தட்டு மாதிரி நழுவுவதில்லை. வெளி வளையம் கிழிந்து உள்ளே இருக்கும் கூழ் பிதுங்குகிறது. தட்டி அதை உள்ளே அனுப்ப முடியாது. அந்தக் கூழ் பட்டாலே நரம்பு வீங்கிக் கனன்று வலிக்கும், அழுத்தம் மட்டும் காரணமில்லை. பலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்து வலி தணிகிறது. பிதுங்கலும் நாள்பட உடம்பிலேயே சுருங்குவதுண்டு. உங்கள் இரண்டு மாதமும் அந்தக் கணக்குதான். பலம் குறைந்த காலோடு இருப்பவர் தட்டக் கொடுக்கவே வேண்டாம்.

பொள்ளாச்சி அக்கா:
என் அம்மாவுக்கு எழுபது வயது. சந்தைக்கு நடந்தால் இரண்டு காலும் கனக்கிறது, திண்ணையில் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. அவருக்கும் இந்த விரல் சோதனை செய்து பார்க்கலாமா?

ஈரோடு பிசியோ:
அக்கா, இது வேறு கதை போல இருக்கிறது. டிஸ்க் பிதுங்கியவருக்குப் பெரும்பாலும் உட்கார்ந்தால்தான் வலி கூடும். அம்மாவுக்கு முதுகெலும்புக் கால்வாய் குறுகியிருக்கலாம், காலின் ரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம். பாதத்தில் நாடி பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோபி விவசாயி:
எங்கள் பங்காளி ஒருவருக்குக் கால் வலியோடு ஒருநாள் சிறுநீர் நின்றுபோனது, உட்காரும் இடம் மரத்துவிட்டது. விடியட்டும் என்று இருந்துவிட்டோம். ஆபரேஷன் முடிந்தும் இன்றுவரை குழாய் வைத்துத்தான் சிறுநீர் கழிக்கிறார். அந்த இரண்டும் வந்தால் ராத்திரியே கிளம்புங்கள்.

பல்லடம் தறிக்காரர்:
அது எனக்கு இல்லைங்க. இப்போது ஏழாவது வாரம். வலி பாதியாகிவிட்டது, விரல் மட்டும் இன்னும் இறங்குகிறது. ஒரு டாக்டர் இன்னும் மூன்று வாரம் பார்க்கலாம் என்கிறார், இன்னொருவர் பலம் திரும்பாததால் இப்போதே ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். விரல் பலம் குறைந்து, ஆபரேஷன் இல்லாமல் திரும்பியவர்கள் இருந்தால், எத்தனை வாரம் ஆனது என்று எழுதுங்கள்.