கலந்துரையாடல் பதிவுகள் எல்லாம் ஒரே அச்சில் வருகின்றன: பூஜ்யம் போடுவதா, கேள்வியை மாற்றுவதா?

வடசேரி டீச்சர்
தொலைநிலைப் பட்டப்படிப்பில் சுற்றுச்சூழல் பாடத்துக்கு ஆலோசகராக இருக்கிறேன். "கடலரிப்பின் காரணங்களையும் தீர்வுகளையும் 150 சொற்களில் விவாதிக்க, மற்ற இருவருக்குப் பதில் எழுதுக" என்று இணையக் கலந்துரையாடலில் கேட்டிருந்தோம். வந்ததில் பாதிக்குமேல் சாட்ஜிபிடி எழுதியது போல இருக்கிறது. கண்டுபிடிக்க நம்பகமான வழி உண்டா? பிள்ளைகளைச் சொந்தமாக எழுத வைப்பது எப்படி?

வேளிமலை
வழி இருக்கிறது டீச்சர். ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் ஒவ்வொரு பதிவையும் ஒட்டிப் பாருங்கள். எண்பது சதவீதத்துக்குமேல் காட்டினால் பூஜ்யம் போடுங்கள். நாலு பேருக்குப் பூஜ்யம் விழுந்தால் மற்றவர்கள் தானாகத் திருந்துவார்கள். கண்டும் காணாமல் விட்டால், இரவு உட்கார்ந்து தட்டுத்தடுமாறி எழுதுகிற பிள்ளைக்கும் ஒட்டிப் போடுகிறவனுக்கும் ஒரே மதிப்பெண். அது எந்த ஊர் நியாயம்?

பழையாறு
நியாயம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்த மென்பொருளை வைத்து அந்த நியாயத்தைச் செய்ய முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அவர்களே நிறுத்திவிட்டார்கள். அந்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் டோஃபல் தேர்வுக்காக மனிதர்கள் எழுதிய 91 ஆங்கிலக் கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதம் ஏஐ என்று வந்தது. எழுதியவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள். சொல்வளம் குறைவு, வாக்கியங்கள் எளிமை. அதைத்தான் அந்த மென்பொருள்கள் இயந்திரத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டன. நம் பிள்ளைகளின் ஆங்கிலமும் அப்படிப்பட்டதுதான். பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்துப் பழக்கப்பட்ட கருவி தமிழில் காட்டும் சதவீதத்தை நம்பி ஒருவரின் மதிப்பெண்ணில் கைவைக்க நான் துணிய மாட்டேன்.

கடியப்பட்டணத்துக்காரி
நான் மாணவி. வேறொரு படிப்பில் எனக்கே இது நடந்தது. பகலில் முந்திரி ஆலை வேலை, இரவில்தான் படிப்பு. ஒரு பதிவுக்குப் பூஜ்யம் போட்டு, "இது உங்கள் நடை இல்லை" என்று குறிப்பு வந்தது. "முக்கியப் பங்கு வகிக்கிறது", "இன்றியமையாதது" என்றெல்லாம் எழுதியிருந்தேன். பிளஸ் டூ வரைக்கும் நோட்ஸில் அப்படித்தானே மனப்பாடம் செய்தோம்? அப்படி எழுதினால்தான் மார்க் விழும் என்று சொல்லிக்கொடுத்தவர்களே இப்போது இது மிஷின் நடை என்றால் எங்கே போவது? விளக்கம் கேட்டு எழுதினேன், பதிலே இல்லை. அதற்கப்புறம் அந்தப் பாடத்தின் கலந்துரையாடல் பக்கம் நான் போகவில்லை.

தக்கலை பெரியவர்
என் மகனும் தபாலில்தான் படித்தான். அசைன்மென்டைக் கையால் எழுதி, டேக் கட்டி, நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மறுபடியும் கையெழுத்துக்கே மாற்றிவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லையே.

பழையாறு
ஐயா, இவர்கள் கேட்பது அசைன்மென்ட் இல்லை. மாணவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பகுதி. கையெழுத்து காலத்திலும் விடை எழுதிய அசைன்மென்ட் ஜெராக்ஸ் கடையில் விற்றது, பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். கையால் எழுதுவதால் சொந்தமாக எழுதியதாக ஆகிவிடாது.

டீச்சர், கோளாறு உங்கள் கேள்வியில் இருக்கிறது. கடலரிப்பின் காரணங்களும் தீர்வுகளும் எந்தப் பாடநூலிலும் ஒரே பட்டியல்தான். முதலில் வருகிறவர் அதை எழுதிவிட்டால் இரண்டாமவருக்குச் சொல்ல என்ன மிச்சம்? ஐம்பது பேரும் அதே பட்டியலைத் திருப்பி எழுத வேண்டும், கூடவே இருவருக்கு "அருமையாகச் சொன்னீர்கள்" என்று போட வேண்டும். ஏஐ வருவதற்கு முன்பும் இதே கேள்விக்கு இதே மாதிரிப் பதிவுகள்தான் வந்தன, அப்போது ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். 150 சொல் என்ற கணக்கு வேறு. அறுபது சொல்லில் விஷயம் முடிந்துவிட்ட பிள்ளை மீதியை நிரப்பத்தான் ஏஐ பக்கம் போகிறது.

எங்கள் மையத்தில் இதே பாடத்துக்குக் கேள்வியை இப்படி மாற்றினோம்:

"உங்களுக்குப் போக முடிந்த ஒரு கடற்கரையில் கல்சுவரோ, கடலுக்குள் கல் போட்டு நீட்டிய தூண்டில் வளைவோ இருந்தால் அருகில் நின்று பாருங்கள். எந்தப் பக்கம் மணல் ஏறியிருக்கிறது, எந்தப் பக்கம் கல் தெரிகிறது? அங்கே வள்ளம் இறக்கும் ஒருவரிடம் ஆடி மாதத்திலும் இப்படித்தானா என்று கேளுங்கள். பாடத்தில் படித்ததோடு எது ஒத்துப்போகவில்லை? சொல் கணக்கு இல்லை."

மணல் நகர்ந்து வருகிற பக்கம் மேடாகும், மறுபக்கம் அரிக்கும் என்று பாடம் சொல்கிறது. ஆனால் நம் மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் மணலை அள்ளிப்போகிறது, காற்று அடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவருகிறது. அதனால் ஒரே வளைவை இரண்டு பேர் வேறு வேறு மாதத்தில் பார்த்திருந்தால் இருவரும் எதிரெதிராக எழுதுவார்கள், இருவர் சொல்வதும் சரியாக இருக்கும். பேச்சு அங்கே தொடங்குகிறது.

ஒரு பையன் "தூண்டில் வளைவுகள் கடற்கரையை முழுமையாகப் பாதுகாக்கின்றன" என்று நாலு உபதலைப்போடு போட்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய்ப்பட்டணம் பக்கத்துப் பெண் ஒருத்தி, "எந்தக் கரையில் பார்த்தீர்கள்? எங்கள் பக்கம் வளைவு முடிகிற இடத்தைத் தாண்டித்தான் வீடுகளுக்குள் தண்ணீர் வருகிறது" என்று கேட்டாள். மறுநாள் அவன் எழுத்துப்பிழையோடு மூன்று வரி எழுதினான். குளச்சலில் மாமா வீட்டுப் பக்கம் வளைவுக்குள்ளே மணல் சேர்ந்து வள்ளம் ஒதுக்க வசதியாக இருக்கிறதாம், வெளியே எப்படி என்று அவன் பார்க்கவில்லையாம். அந்த மூன்று வரிக்குத்தான் நான் மதிப்பெண் போட்டேன்.

வேளிமலை
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு மீனவரிடம் பேசியது போல எழுது" என்று கட்டளை கொடுத்தால் ஏஐ அதையும் எழுதித் தரும், ஒரு பெரியவர் பெயரும் சேர்த்து. அப்புறம், பேச்சிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிற பிள்ளை எப்போது கடற்கரைக்கு வரும்? வளைகுடாவில் இருந்துகொண்டு படிக்கிறவர்கள்?

பழையாறு
எழுதித் தரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரையைத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் பொய் நிற்காது. இல்லாத இடத்தில் வளைவு, தவறான மாதத்தில் மீன்பிடித் தடை என்று எங்காவது வழுக்கும். மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பொதுவாகத் தமிழ்நாடு என்று கேட்டால் கிழக்குக் கரைத் தேதிதான் முதலில் வரும். எங்கள் குழுவில் ஒருவர் அதைக் குளச்சலுக்குப் போட்டு எழுதி, கூட இருந்தவர்களே திருத்தினார்கள். அதற்காக எல்லாப் பொய்யையும் பிடித்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. கடலோரப் பிள்ளை ஒருவரும் இல்லாத குழுவில் இது பலிக்காது.

மலையோரப் பிள்ளைக்குக் கோதையாற்றுக் கரை இருக்கிறது, குளக்கரை இருக்கிறது, மழையில் ரப்பர் தோட்டத்துச் சரிவு கரைவது இருக்கிறது. மண் எங்கிருந்து கிளம்பி எங்கே சேர்கிறது என்பதுதான் கேள்வி, கடலே வேண்டும் என்றில்லை. வெளிநாட்டில் இருப்பவர் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கலாம்.

வடசேரி டீச்சர்
கேள்வியைத் தலைமையகத்தில் வைக்கிறார்கள், நான் மாற்ற முடியாது. துணைக்கேள்வி சேர்க்கலாம். எங்களிடம் மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளம்தான். அடுத்தவர் எழுதியதைப் பார்க்காமல் எழுத வைக்க ஏதோ அமைப்பு இருக்கிறதாமே?

பழையாறு
Q and A forum என்ற வகை. தான் ஒரு பதில் போட்டால்தான் மற்றவர் பதில்கள் தெரியும். திருத்துவதற்கான அவகாசம் முடிந்தபிறகுதான் திறக்கும், வழக்கமாக அது 30 நிமிடம். இதற்கும் ஓட்டை உண்டு. சிலர் ஒரு முற்றுப்புள்ளி மட்டும் போட்டுவிட்டு, அரை மணி கழித்து எல்லாவற்றையும் படித்து எழுதுவார்கள். பார்த்து எழுதுவதை ஓரளவு தடுக்கும், ஏஐயைத் தடுக்காது.

அதைவிட முக்கியம் குழுவின் அளவு. நூறு பேரை ஒரே இடத்தில் விட்டால் யாரும் யாருக்கும் எழுத மாட்டார்கள். மூடிலில் Separate groups என்ற அமைப்பைப் போட்டு எட்டெட்டுப் பேராகப் பிரியுங்கள், ஒவ்வொன்றிலும் கடலோரத்தார் ஒருவராவது இருக்கும்படி. பத்து மதிப்பெண்ணில் முதல் பதிவுக்கு மூன்று, அடுத்தவரிடம் கேட்கும் கேள்விக்கு மூன்று, தன்னிடம் கேட்டதற்குத் திரும்பி வந்து சொல்லும் பதிலுக்கு நான்கு. முதல் பதிவை ஏஐ எழுதினாலும் மூன்றுதான் போகும். யார் என்ன கேட்பார்கள் என்று தெரியாததால் அந்தக் கடைசி நான்கை முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது.

கடியப்பட்டணத்துக்காரி
திரும்பி வந்து பதில் சொல்ல எனக்குப் பயமில்லை. தட்டச்சுதான் கஷ்டம். குரலில் அனுப்ப விடுவார்களா?

பழையாறு
மூடிலில் எழுதும் பெட்டியிலேயே ஒலிப்பதிவுப் பொத்தான் இருக்கும், உங்கள் தளத்தில் நிர்வாகி அதை முடக்கியிருக்காவிட்டால். வழக்கமான வரம்பு இரண்டு நிமிடம். அது தாராளம். எழுதி வைத்ததை வாசித்தால் காதுக்கே தெரியும், ஆனால் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். கூச்சத்தில் எழுதி வைத்து வாசிக்கிற பிள்ளைகள் நிறைய.

வேளிமலை
சரி, எட்டுப் பேர் குழு, திரும்பி வந்து பதில் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஏஐ பயன்படுத்தினேன் என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும், மறைத்தால் தண்டனை வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. பிழை திருத்த மட்டும்தான் என்று ஆரம்பித்து எங்கே போய் நிற்கும் என்று தெரியும்.

பழையாறு
எழுதித் தரச் சொல்லலாம். உண்மை சொன்னவனுக்கு மதிப்பெண் குறைந்தது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த முறை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மறைத்ததை எதை வைத்து நிரூபிப்பீர்கள்? சந்தேகம் வந்தால் நான் போன் போட்டு, "நீங்கள் எழுதிய மூன்றாவது வரியைக் கொஞ்சம் விளக்குங்கள்" என்று ஐந்து நிமிடம் பேசுகிறேன். நன்றாகச் சொல்லிவிட்டால் மதிப்பெண் அப்படியே நிற்கும், எழுதியது யாராக இருந்தாலும்.

வேளிமலை
யாராக இருந்தாலும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொன்று: ஒரு குழுவில் ஒரு பிள்ளையிடம் யாருமே கேள்வி கேட்கவில்லை என்றால் அந்த நான்கு மதிப்பெண் அவனுக்கு எங்கிருந்து வரும்?

பழையாறு
நான்கு நாள் பார்த்துவிட்டு டீச்சர்தான் கேட்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், தொகுப்பூதியத்தில் இருக்கிற ஆலோசகர் எத்தனை குழுவுக்கு இதைச் செய்ய முடியும் என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. என்னால் ஐந்து குழு வரை முடிகிறது.

வடசேரி டீச்சர்
எனக்குப் பதினொரு குழு வரும். இந்தப் பருவம் மூன்று குழுவில் மட்டும் துணைக்கேள்வியும் குரல்பதிவும் வைக்கிறேன், மற்றவற்றில் சொல் கணக்கை மட்டும் எடுத்துவிடுகிறேன். கடியப்பட்டணத்துத் தங்கச்சி, "வள்ளம் இறக்கும் ஒருவரிடம் கேளுங்கள்" என்று போட்டால் பெண்பிள்ளைகள் தயங்குவார்களா? மீன் ஏலம் எடுக்கும் அக்காமாரிடம் கேட்டாலும் இந்த விவரம் கிடைக்குமா?

கடியப்பட்டணத்துக்காரி
கிடைக்கும் டீச்சர். எந்த மாதம் கரை எவ்வளவு உள்ளே வந்தது என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும், கூடையை இறக்கி வைக்க இடம் வேண்டுமே. காலை ஏலம் முடிந்தபிறகு போகச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் யாரும் நின்று பேச மாட்டார்கள்.